கொதிநீர் ஊற்றிய மாவு

என் மகளுக்காக நான் வாங்கும் கார்ன்ஃபிளார் பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு மளிகைக் கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: "மஞ்சூரியன் கடை போட்டிருக்கீங்களாக்கா? எந்தப் பக்கம்?" ஆமாம், வீட்டிலேயே போட்டிருக்கிறேன், ராத்திரியும் கடை உண்டு என்றேன். அவர் நிஜமென்றே நம்பிவிட்டார். இன்றைக்கும் ஒரு ரூபாய் கம்மி பண்ணித்தான் தருகிறார்.

என் மகளின் ஈரல் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும். தேவைப்படும்போது வெளியே விடாது. பிறவியிலேயே வந்த குறை அது. மற்ற பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தூங்கி எழும்போது ஈரல்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. இவளுக்கு அந்தச் சோறு கிடையாது. நாலு மணி நேரம் தாண்டினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், நினைவு தப்பும். பசும்பால், பழம், சர்க்கரை, வெல்லம் எல்லாம் வேண்டாம் என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். அவற்றிலிருந்து வருவதை இவள் உடம்பு ரத்தத்துக்கு வேண்டிய சர்க்கரையாக மாற்றாது, கெடுதல்தான் சேரும். கன்னமும் வயிறும் உப்பி இருப்பதும் அந்த ஈரலால்தான். தெருவில் போகிறவர்கள் "கொழுகொழுன்னு இருக்கா, நல்லா ஊட்டுறீங்க" என்பார்கள். நான் சிரித்து வைப்பேன்.

இதற்கு மருந்து மாத்திரையில் இல்லை. பச்சைக் கார்ன்ஃபிளார்தான். அவள் எடைக்கு இத்தனை கிராம் என்று டாக்டர் கணக்குப் போட்டுத் தருவார். எடை ஏறினால் கணக்கும் மாறும். அதை ஆசாரி தங்கம் நிறுப்பதுபோலச் சின்னத் தராசில் நிறுத்து, பச்சைத் தண்ணீரில் கலக்கி, அடியில் படிவதற்குள் குடிக்க வைக்க வேண்டும். வேகாத மாவு குடலில் மெதுவாகத்தான் கரையும். கரையக் கரையச் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குப் போகும். வெந்துவிட்டால் எல்லாம் ஒரேயடியாகக் கரைந்து, விறுவிறுவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கிவிடும். பகலில் இட்லி, சோறு, பருப்பு எல்லாம் மாவோடு சேர்த்து நேரம் பார்த்துத்தான். ராத்திரியில் அலாரம்.

அஞ்சு வயது ஆகும் வரை அந்த மாவை என்னைத் தவிர வேறு யாரும் கலக்கியதில்லை. என் கணவருக்குக்கூடத் தராசைத் தொட அனுமதி இல்லை. அவர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். "கரண்ட் கம்பியத் தொட விடுறாங்க, தராசத் தொட விட மாட்டேங்குற" என்பார். ஆனால் வரும் ஜூனில் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். எனக்கும் கலெக்டர் ஆபீஸ் வேலையில் சம்பளமில்லா விடுப்பு முடிகிறது. இன்னொருவர் கையால் அவள் மாவு குடித்துப் பத்திரமாக இருந்தால்தான் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் அவளும் நானும் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீருவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

கார்த்திகை தீபத்தன்று அதற்கு ஒரு ஒத்திகை தானாக வாய்த்தது. ஊரே லீவில் இருக்க, எங்கள் ஆபீஸில் மட்டும் கூட்டத்தைக் கவனிக்க, விடுப்பில் இருந்த என்னையும் சேர்த்து, ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மணி வேளையை வீட்டில் யாராவது கொடுத்தாக வேண்டும். கணவருக்குக் கோயில் பக்கம் டியூட்டி. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அக்கா தீபம் பார்க்க வந்திருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் நிலத்தைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிற அண்ணி. சொன்ன வேலையை மறக்கிற ரகம் இல்லை.

காலையிலேயே மாவை நிறுத்து டப்பாவில் போட்டேன். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், டம்ளர், ஸ்பூன்.

"மூணு மணிக்கு இதக் கலக்கிக் குடுத்துடுங்க அண்ணி. அடுப்புல வைக்கக் கூடாது. பொரி உருண்டை கேப்பா, குடுக்காதீங்க."

"நீ போம்மா. நான் என்ன, ஊருக்குப் புதுசா?" என்றார்.

மூன்று மணி தாண்டியதும் போன் செய்தேன். குடித்துவிட்டாள் என்றார். ஒரு சொட்டு மிச்சமில்லை என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்து சீட்டுக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வேங்கிக்காலில்தான் வீடு; ஆபீஸிலிருந்து நடந்தே வந்துவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தீபம் ஏற இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மாடிகளிலெல்லாம் ஜனம் மலையைப் பார்த்து நின்றிருந்தது. எங்கள் வீட்டில் அண்ணி விரதம். தீபத்தைப் பார்த்த பிறகுதான் பச்சைத் தண்ணீர்கூட. மகள் சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற பெண் தலையைக்கூடத் தூக்கவில்லை. நெற்றியில் கை வைத்தேன். அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது.

விரல் நுனியில் குத்தி, சர்க்கரை பார்க்கும் மிஷினில் வைத்தேன். ஐம்பத்தாறு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. மாவு குடித்து இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. எடை சரி, நேரம் சரி. அப்புறம் எப்படி?

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். தூக்கி உட்கார வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், விழுங்கத் தெரிந்தது. குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். விழுங்க மாட்டேன் என்றிருந்தால், வாந்தி எடுத்திருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் ஏற்ற வேண்டும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்?

டம்ளர் எடுக்கச் சமையலறைக்குப் போனபோதே தொட்டியில் கிடந்த மூன்று மணி வேளை டம்ளரைப் பார்த்திருந்தேன். பச்சை மாவு குடித்த டம்ளரில் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி தங்கியிருக்கும். இதில் உள்சுவர் முழுக்கப் பசைபோல வழவழவென்று ஒட்டியிருந்தது.

"அண்ணி, இத அடுப்புல வச்சீங்களா?"

"இல்லியே. நீதான் வைக்கக் கூடாதுன்னியே. ஃபிளாஸ்க்ல கொதிக்கிற தண்ணி இருந்துச்சு, அத ஊத்திக் கலக்குனேன். நல்லா கஞ்சி மாதிரி வந்துச்சு. மழைல இருமுறா புள்ள, பச்ச மாவக் குடிச்சா வயித்துக்கு ஆவுமா? ஆற வச்சு ஸ்பூன்ல ஊட்டுனேன்." சொல்லிவிட்டு, பெருமையோடு சேர்த்தார்: "பொரி உருண்டைக்கு அழுதா. கண்ணுலயே காட்டல."

எனக்குக் கோபம் என்றால் கண் தெரியாது. கத்தினேன். அஞ்சு வருஷமாகத் தூக்கம் கெட்டதையெல்லாம் சேர்த்து வைத்துக் கத்தினேன். அண்ணி குழந்தையையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் வெளியே அரோகரா என்று ஊரே கத்தியது. மலையில் தீபம் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் வாசலுக்குப் போகவில்லை. நான் இரண்டாவது தடவை விரலைக் குத்திக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்பது. மகள் "வலிக்குதும்மா" என்று முழுசாக அழுதாள். அழ வலு வந்துவிட்டது என்று மிஷினை மூடி வைத்தேன்.

குளுக்கோஸ் ஏறின வேகத்தில் இறங்கும். அதற்குள் பச்சை மாவும் இட்லியும் உள்ளே போயாக வேண்டும். அடுத்த வேளையின் கணக்கும் இங்கிருந்துதான் தொடங்கும். தராசை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"அண்ணி, வாங்க. நீங்களே நிறுங்க."

"வேணாம்மா. இனிமே நான் அதத் தொட மாட்டேன்."

"தொட்டுத்தான் ஆவணும். நீங்க பயந்துட்டா நாளைக்கு இவளுக்கு யாருங்க இருக்காங்க? நான் ஒருத்தி எத்தன நாளைக்கு?"

அவர் தராசில் நிறுத்தார். மாவு ஜாஸ்தியாகக் கொட்டியது; திரும்ப எடுத்தார். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். சுடுதண்ணீர் ஊற்றினாலே மாவு வெந்துவிடும் என்று நான் சொன்னபோது, "அப்ப அடுப்புல வைக்காம நான் சமைச்சுட்டேனா?" என்று கேட்டு அழுதார். மகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அடியில் வெள்ளை தங்கியிருக்கிறதா என்று டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறமும் சாப்பிடவில்லை. மூன்றாவது தடவை விரல் குத்தி நூற்றைத் தாண்டியது என்று காட்டிய பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

அன்றைக்குப் படுக்கும்போது ஒன்று உறைத்தது. பாசமாக இருக்கிற யாரும் இதைச் செய்வார்கள். டீச்சர் செய்வார், ஆயா செய்வார், பக்கத்து வீட்டுக்காரர் செய்வார். இருமுகிற குழந்தைக்குச் சூடாகக் கொடுக்காத ஊரா இது? எத்தனை பேரைத்தான் நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன்? எல்லா டம்ளருக்கும் முன்னால் எப்போதும் இருக்கப்போகிறவள் ஒருத்திதான்.

அதுவரை அவளிடம் நான் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை: குடி. யார் கொடுத்தாலும் அடம் பிடிக்காமல் குடி. மறுநாளிலிருந்து அதை மாற்றினேன். டம்ளரைத் தொட்டுப் பார், சில்லென்று இருக்கிறதா? ஸ்பூனைத் தூக்கு, தண்ணீராக ஓடுகிறதா, கூழாக ஒட்டுகிறதா? ஒட்டினால் குடிக்காதே, வேறே கலக்கித் தரச் சொல். "அத்த குடுத்தாலுமா?" என்றாள். அம்மா கொடுத்தாலும் என்றேன். வேண்டுமென்றே சில வேளைகளில் வெந்நீர் ஊற்றின டம்ளரை அவள் முன்னால் வைத்தேன். முதல் தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு வாய்க்குக் கொண்டுபோனாள், நான் பிடுங்கிக்கொண்டேன். பெரியவர்கள் தருவதை வேண்டாம் என்று சொல்ல அந்த வயதில் எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். வகுப்பு டீச்சரிடம் எல்லாம் செய்து காட்டினேன். பையில் நிறுத்து வைத்த மாவு ஒரு டப்பா, அவசரத்துக்கு இன்னொன்று, குளுக்கோஸ், மிஷின். நான் ஆபீஸில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

மழை பெய்த ஒருநாள் இடைவேளை நேரத்தில் போன் வந்தது. அந்த டீச்சர் லீவு. புதிதாக வந்தவர் பேசினார். குரலில் கோபம் இருந்தது.

"உங்க பொண்ணுக்கு இவ்ளோ பிடிவாதம் ஆவாதுங்க. இருமுறாளேன்னு வெந்நீர்ல கலக்கிக் குடுத்தேன். வாயவே தொறக்க மாட்டேங்குறா. டம்ளரத் தள்ளி விட்டுட்டா. அழுவுறா, ஆனா குடிக்க மாட்டாளாம். நீங்களே சொல்லுங்க அவகிட்ட."

பையில் இன்னொரு டப்பா இருக்கிறது, எப்படிக் கலக்குவது என்று அவளே சொல்லுவாள் என்று மட்டும் சொன்னேன். டீச்சர் போனை வைக்காமல் மேஜைமேல் போட்டுவிட்டார் போலிருக்கிறது. ஸ்பூன் டம்ளரில் இடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அழுது முடித்த மூக்கடைப்போடு என் மகளின் குரல்:

"வேகமா கலக்குங்க மிஸ். எனக்கு டைம் ஆவுது."