முப்பத்தெட்டுப் பெட்டிகள்

காலை எட்டு ஐம்பத்திரண்டு. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் அலுவலகமாக இருந்த வாடகை வீட்டின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் மேசைமேல் இருந்த ஒரு பொலித்தீன் பை. உள்ளே ஏழு நியமனக் கடிதங்கள், வருடத்துக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. பைக்குச் சொந்தக்காரரான எங்கள் சாரதி பக்கத்துக் கதிரையில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், ஏழு வருசத்துக்கும் லெட்டர் இருக்கு. என் காசு எந்தத் தேதி வரும்னு சொன்னீங்கன்னா, நான் திகனைக்குப் போயி அவருக்குச் சொல்லிடுவேன்."

திகனையில் ஒரு வியாபாரி, பாவித்த ஆட்டோ ஒன்றைச் சாரதிக்காகப் பிடித்து வைத்திருந்தார். முற்பணம் இருபத்தைந்தாயிரம் கொடுத்தாயிற்று. மாத முடிவுக்குள் இரண்டு இலட்சம் கட்டினால் மீதி லீசிங்கில், மாதத் தவணையாக. கட்டாவிட்டால் வண்டி வேறொருவருக்கு, முற்பணமும் போய்விடும். எங்கள் திட்டமும் அதே மாத முடிவில்தான் மூடப்படுகிறது. இன்னும் பத்தொன்பது நாட்கள்.

"அதெல்லாம் பட்ஜெட்ல இருக்கு. யோசிக்காதீங்க" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த பெருந்தன்மை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பன்வில தேயிலைத் தோட்டங்களில் தண்ணீர்க் குழாயும் கழிவறையும் அமைக்கும் திட்டம் அது. வெளிநாட்டு நிதி, உள்ளூர் அமைப்பு, பதினேழு பேர். நான் கடைசி மூன்று வருடங்களுக்கு இணைப்பாளர். அதற்கு முன் பத்தொன்பது வருடங்கள் கொழும்பில் பத்திரிகை உதவி ஆசிரியன். பிறர் எழுதியதைச் சுருக்குவதுதான் என் வேலை. ஒரே விடயம் இரண்டு தடவை வந்தால் இரண்டாவதை வெட்டிவிட வேண்டும். கை அதற்குப் பழகியிருந்தது. மூளையைக் கேட்காமலே வெட்டும்.

திட்டத்தை ஆரம்பிக்க ஒரு பட்ஜெட் இருப்பதுபோல மூடுவதற்கும் ஒன்று உண்டு என்பது அந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இறுதிச் சம்பளம், எடுக்காத லீவுக்கான காசு, சொத்துகளை விற்கும் விளம்பரச் செலவு எல்லாம் அதில் வரும். இன்னும் இரண்டு செலவுகள் திட்டம் செத்த பிறகு வருபவை. ஒன்று கணக்காய்வாளரின் கட்டணம். மற்றது ஆவணங்களை ஏழு வருடம் பாதுகாத்து வைக்கும் வாடகை. இவ்விரண்டையும் முன்கூட்டியே பட்ஜெட்டில் போட்டு, கடைசித் தேதிக்கு முன் ஒப்பந்தம் எழுதிவிட வேண்டும். தேதி கடந்துவிட்டால் ஒரு சதமும் எடுக்க முடியாது.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் எங்கள் கணக்காளர். அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அன்று ஒன்பது பத்துக்கு வந்தார். சாரதி வெளியே பிக்அப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். விற்பனைக்கு அறிவித்திருந்ததால் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"மிஸ், டிரைவருடைய பணிக்கொடை எந்தத் தேதி போடலாம்?"

அவர் கணினியைத் திறந்தார். நிதி கொடுத்தவர்கள் போன மாதம் ஒப்புதல் அளித்த பிரதியை மேலும் கீழும் உருட்டினார். பிறகு தன்னுடைய பழைய வரைவைத் திறந்தார். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார்.

"சேர், நான் போட்ட ஒண்டு இதுல காணல்லயே."

"எது?"

"இறுதிச் சம்பளம் பதினேழு பேருக்கு. அதுக்குக் கீழ சாரதி, இறுதிக் கொடுப்பனவு, ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். நீங்க திருத்தித் தாரன் எண்டு கொண்டு போனீங்களே."

எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை, வீட்டில், தேநீருடன். பதினேழு பேருக்கு இறுதிச் சம்பளம் என்று ஒரு வரி. அதன் கீழ் ஒருவருக்கு இறுதிக் கொடுப்பனவு. பதினேழில் சாரதியும் அடக்கம்தானே என்று இரண்டாவதைத் தூக்கிவிட்டேன். கணக்காளருக்குக் கவனம் போதாது என்று மனைவியிடம் வேறு சொன்னேன்.

"அது சம்பளமில்ல சேர். பணிக்கொடை. பதினஞ்சு பேருக்கு மேல வேல செய்யிற இடத்துல அஞ்சு வருசம் முடிச்ச ஆளுக்குக் குடுக்கணும். மாசச் சம்பளத்துல அரவாசி, ஏழால பெருக்கணும். அறுபதாயிரத்துல அரவாசி முப்பது. ஏழு முப்பது இருநூத்திப் பத்து. அஞ்சு வருசம் தாண்டினது இங்க அவர் ஒராள்தான், அதால தனியாப் போட்டன்."

"வெட்டின காசு எங்கே போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அலுமாரிக்குப் பக்கத்தில் முந்நூறு புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. திட்டத்தின் நிறைவு மலர். வழவழப்பான தாள், பிரதி எழுநூறு ரூபாய், அச்சகத்துக்கு முழுக் காசும் கட்டியாயிற்று. முதல் பக்கத்தில் என் முன்னுரை. அதற்கு மேல் என் படம்.

பதினொரு மணிக்குச் சாரதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் ஆறு நிமிடம் சுற்றி வளைத்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு மலரில் ஒன்றை எடுத்துப் புரட்டி, என் முன்னுரையின் நான்காம் பந்தியில் விரலை வைத்தார்.

"எங்கள் சாரதியின் விலைமதிக்க முடியாத சேவைன்னு எழுதியிருக்கீங்க, சேர்."

கணக்காளர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனார்.

"பிக்அப் வித்த காசு வருமில்ல? நான் ஓட்டின வண்டிதானே" என்று கேட்டார் சாரதி.

"வித்த காசு நிதி குடுத்தவங்களுக்குத் திருப்பிப் போகணும். ஒப்பந்தத்துல இருக்கு."

"அப்ப அதக் கழுவுறத நிப்பாட்டுறேன்" என்றார். ஆனால் வெளியே போய்க் கழுவி முடித்தார்.

சட்டப்படி அந்தக் காசைக் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் அமைப்புக்கோ சொந்தப் பணம் என்று எதுவும் இல்லை. தொழில் திணைக்களத்துக்கு அவர் முறைப்பாடு கொடுத்தால் ஒருநாள் கிடைக்கும். திகனை வியாபாரி அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

பகல் முழுவதும் கணக்காளரும் நானும் பட்ஜெட்டை வரி வரியாகப் பார்த்தோம். சம்பளத்தில் கைவைக்க முடியாது. கணக்காய்வாளருக்கு நியமனக் கடிதம் போய்விட்டது. கதிரை மேசைகளை விற்கவில்லை, பன்வில முன்பள்ளிக்குக் கொடுக்க ஒப்புதல் வாங்கியிருந்தோம். என் சுழல் கதிரையும் அதில் அடக்கம். அதை விலைக்கு வாங்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் சொத்து அகற்றும் குழுவில் இருப்பவர் எதையும் வாங்கக்கூடாது. குழுவுக்குத் தலைவனாக என் பெயரை முன்மொழிந்ததே நான்தான்.

"பட்ஜெட்ல இன்னும் ஒப்பந்தம் எழுதாத செலவுத் தலைப்பு ஒண்டே ஒண்டுதான் ஈக்கு" என்றார் கணக்காளர். "ஆவணக் காப்பு. மாசம் ரெண்டாயிரத்து அறுநூறு, எண்பத்தி நாலு மாசம். ரெண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு."

"அதை எடுத்தால் பெட்டிகளை எங்கே வைக்கிறது?"

"சேர்ட வீட்டுல எழுதுறதுக்கு ஒரு அறை ஈக்கு எண்டு சொல்லுவீங்களே."

ஈக்கு, இருக்கிறதுதான். பேராதனை வீதியில் என் வீட்டின் பின்பக்க அறை. ஓய்வில் நாவல் எழுதுவதற்காக ஒதுக்கி வைத்திருந்தது. மூன்று வருடத்தில் அங்கே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

அன்று மாலையே நிதி கொடுத்தவர்களின் கொழும்பு அலுவலகத்துக்குக் கடிதம் போனது. மொத்தத் தொகை மாறவில்லை, ஆவணக் காப்பிலிருந்து இரண்டு இலட்சத்துப் பத்தாயிரத்தைப் பணிக்கொடை என்ற புதிய தலைப்புக்கு மாற்ற அனுமதி வேண்டும். புதிய தலைப்பு என்பதால் எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் தொடக்கூடாது. கடிதத்தை நான்தான் எழுதினேன். "ஒரு தட்டச்சுத் தவறின் காரணமாக" என்று தொடங்கியிருந்தேன். கணக்காளர் வாசித்துவிட்டு, "டைப் பண்ணினது நான்தானே, சேர்?" என்று மட்டும் கேட்டார். "இணைப்பாளரின் தவறினால்" என்று மாற்றினேன்.

பதினொரு நாள் பதில் இல்லை. சாரதி தினமும் காலையில் வந்து கணினியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், போவார். பிக்அப் விலைபோனது. அதை வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்தவர் அவர்தான். கிளட்ச் கொஞ்சம் இறுக்கம் என்று சொல்லிக் கொடுத்தார். திகனை வியாபாரி இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டார். மூன்றாவது தடவை சாரதி தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"நானா, வாற புதன்கிழமைக்குள்ள கட்டாயம்" என்றேன், முஸ்லிம் வழக்கப்படி அவரை அண்ணன் முறை வைத்து.

"யாரு பேசுற?"

"ஒபீஸ் சேர்" என்றேன். என்னை நானே சேர் என்று சொல்லிக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. சம்மதம், மூன்று நிபந்தனைகள். அமைப்புக்கும் எனக்கும் இடையில் ஏழு வருட எழுத்து ஒப்பந்தம், வாடகை இல்லை. கணக்காய்வாளர் அறையைப் பார்த்து, ஈரமும் கறையானும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். கணக்காய்வுக்கு எப்போது கேட்டாலும் திறந்து காட்ட வேண்டும்.

கணக்காய்வாளர் ஒரு இளம் பெண். அறையின் நான்கு மூலைகளையும் டோர்ச் அடித்துப் பார்த்தார். மேசையில் இருந்த ஒன்றரைப் பக்கத்தைக் காட்டி, "இதுவும் திட்ட ஆவணமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் அகற்றிவிடுங்கள்" என்றார்.

மூடுவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது சாரதிக்குக் காசோலை கிடைத்தது. இரண்டு நாள் கழித்து அலுவலக வாசலில் பச்சை நிற ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நாங்கள் கோப்புகளைப் பெட்டியில் அடைத்து எண் போட்டுக்கொண்டிருந்தோம். மொத்தம் முப்பத்தெட்டுப் பெட்டிகள். லொறி பிடிக்க வேண்டும் என்றேன்.

"லொறி எதுக்கு சேர்?" என்ற சாரதி, கணக்காளர் பக்கம் திரும்பினார். "மிஸ், ஆவணக் காப்புல மீதி எவ்வளவு இருக்கு?"

"எட்டாயிரத்து நானூறு. போக்குவரத்துக்கு எடுக்கலாம், ரசீது வேணும்."

அவர் பெட்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணுவதுபோல் பாவனை செய்தார்.

"ஏழு நடை வரும். நடைக்கு ஆயிரத்து இருநூறு."

"இது ஆறு நடையில முடியும்" என்றேன்.

"முடியும் சேர். ஆனா மலரும் இருக்கில்ல? இருநூத்தி அறுபது மிச்சம். அது ஒரு நடை."

மழை தொடங்குவதற்கு முன் ஏழாவது நடையும் வந்து சேர்ந்தது. அவர் ஸ்டியரிங்கில் தாளை வைத்து ரசீது எழுதித் தந்தார். அது முப்பத்தெட்டாம் பெட்டியில் இருக்கிறது. பூச்சி உருண்டைக்கு என் கைக்காசில் மாதம் அறுநூற்று நாற்பது ரூபாய் ஆகிறது.