‘இதர’ என்று ஒரு வரி

என் அண்ணன் டைல்ஸ் காண்ட்ராக்டர். கொட்டேஷன் போடுவதும் பில் அடிப்பதும் என் வேலை. விழிதியூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூலையில் டைல்ஸ் மாதிரிகள். பில்லில் ஒரு சொல்லைப் பார்த்தாலே இன்றைக்கும் எனக்குக் குமட்டும். ‘இதர’ என்ற சொல்தான் அது.

தருமபுரத்தில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வீட்டில் சமையலறையை மாற்றிக் கட்டிக் கொடுத்தோம். பழைய மேடையை இடிப்பது, இடிபாட்டை அப்புறப்படுத்துவது, புது கிரானைட் மேடை, சுவரில் டைல்ஸ். பேசிய வேலை இவ்வளவுதான். கொட்டேஷனில் சாரின் கையெழுத்தும் இருந்தது.

மேடையை இடித்த அன்றுதான், கழுவுதொட்டித் தண்ணீர் போகிற பைப் உள்ளேயே உடைந்து கிடந்தது தெரிந்தது. எத்தனை வருஷமோ, எச்சில் தண்ணீரெல்லாம் மேடைக்கு அடியிலேயே தேங்கியிருக்கிறது. வேலை செய்த கொத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பவில்லை. உள்ளே இறங்கி அள்ளியது சித்தாள் அக்கா ஒருத்திதான். இரண்டு நாள் அள்ளினாள். பிறகு புது பைப் போட்டு, ஊறிப்போன தரையைக் கொத்தி காங்கிரீட் போட்டார்கள்.

அண்ணன் சொன்னபடி பில்லில் ஒரு வரி சேர்த்தேன். ‘கூடுதல் வேலை (இதர) – ரூ. 14,200.’

மறுநாளே சார் போன் செய்தார். “இதரன்னா என்னாங்க அது? பதினாலாயிரத்து எரநூறு ரூபாய எந்தச் சாமியாருக்குத் தட்சணை வச்சீங்க? இடிச்சத அப்புறப்படுத்துறதுன்னு கொட்டேஷன்லயே இருக்குல்ல? பைசா தர மாட்டேன்.”

அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. “அந்தாளு குடுத்தாத்தான் அக்காவுக்கு அந்த ரெண்டு நாள் கூலி. நான் எங்கேர்ந்து குடுக்குறது?” என்றான். அக்காவோ தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கேட்கக்கூட மாட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

சரி, அந்த ஒரு வரிக்கு ஒழுங்காக ஒரு விளக்கக் குறிப்பு எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். ‘எதிர்பாராத சூழ்நிலை காரணமாக ஏற்பட்ட கூடுதல் பணிகள்’ என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். கருமம். ‘இதர’வுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. என்ன நடந்தது என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்.

“என்னாத்த சொல்ல பாப்பா. கறுப்பா கூழு மாதிரி இருந்திச்சு. சோறு, மீன் முள்ளு, எல்லாம் அழுவிப் போயி, மேல புழு நெளியுது. பெருச்சாளி வேற செத்துக் கெடந்திச்சு. சட்டியால அள்ளி அள்ளிச் சாக்குல போட்டேன். ரெண்டு நாளும் என் கையால நான் சோறு திங்கல. எம் மவதான் ஊட்டி விட்டா.”

“சார் வந்து பாத்தாரா?”

“வாசப்படியில நின்னாரு, மூக்குல துண்ட வச்சிக்கிட்டு. ‘எடுத்துடுங்க, எவ்வளவு ஆனாலும் பாத்துக்கலாம்’னாரு.”

பாத்துக்கலாம். இந்த ஊரில் அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் அண்ணனுடைய போனை நான் துழாவியதில் ஒரு நல்லது கிடைத்தது. இடித்த அன்றே படங்களை அனுப்பி, ‘இது கொட்டேஷன்ல இல்ல சார், தனியா ஆகும்’ என்று எழுதியிருக்கிறான். அதற்கு சார், ‘சரி, செய்யவும்’ என்று பதில் போட்டிருக்கிறார்.

பிறகு கணக்கைப் பிரித்தேன். ஆள் கூலி, பைப், தரை எல்லாம் கூட்டினால் பத்தாயிரத்து எழுநூறுதான் வந்தது.

“மீதி மூவாயிரத்து ஐநூறு எதுக்குண்ணே?”

“அது பேரம் பேசுறதுக்கும்மா. கொறைக்கச் சொல்லுவாருல்ல, அதுக்கு.”

சீ என்றாகிவிட்டது. அவர் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? நான் எழுதிய குறிப்பு இதுதான்:

‘கொட்டேஷன் வரி 1-இல் அடங்குவது மேடையை இடிப்பதும் இடிபாட்டை அகற்றுவதும் மட்டுமே. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. இடித்தபோது அடியில் கழிவுநீர்க் குழாய் உடைந்து, அழுகிய உணவுக் கழிவும் புழுக்களும் செத்த பெருச்சாளி ஒன்றும் இருந்தன (படங்கள் இணைப்பு). அகற்றாமல் புது மேடை கட்ட முடியாது. இது தனிக் கட்டணம் என்று அன்றே தெரிவித்து, தங்கள் சம்மதம் பெற்றே செய்தோம் (செய்தி இணைப்பு). கழிவை அள்ளிக் கழுவியது, சித்தாள் ஒருவர், 2 நாள் × 900 = 1,800. சாக்கு, பிளீச்சிங் பவுடர் 450. புதுக் குழாய், பிளம்பர் கூலியுடன் 4,850. தரை காங்கிரீட் 30 சதுர அடி × 120 = 3,600. ஆக மொத்தம் ரூ. 10,700.’

அதை எடுத்துக்கொண்டு நானே ஸ்கூட்டியில் தருமபுரம் போனேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். படங்களைப் பார்த்தார். புது மேடையில் காபி கலந்துகொண்டிருந்த அவர் மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“நியாயந்தாங்க. நீங்க கேக்குறது நியாயந்தான்” என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா இதெல்லாம் எதுக்குங்க எழுதணும்? காசு அனுப்புறது எம் மவன். இந்த பில்ல அவனுக்கு அனுப்பணும். மருமவ அதப் படிப்பா. இத்தன வருஷம் இந்த அடுப்படியிலயா சமச்சுப் போட்டீங்கன்னு கேக்க மாட்டாளா?”

“புழுவ எடுத்துடறேன் சார். சித்தாள் ரெண்டு நாள் அள்ளுனது மட்டும் இருக்கட்டும்.”

“அது இருந்தா என்னாத்த அள்ளுனாங்கன்னு கேப்பா. நீங்க முன்னாடி இதரன்னு போட்டிருந்தீங்கல்ல, அதையே போட்டுடுங்க. தொகையும் பழசே இருக்கட்டும். இன்னைக்கே குடுத்துடறேன்.”

வாய் வரை வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா வாசலில் வந்து நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னால், “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல” என்று சிரிக்கிறான். இந்தக் கையால் நானே அடித்தேன், ‘கூடுதல் வேலை (இதர) – ரூ. 14,200’. சார் பணத்தைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் வந்த அருவருப்பைவிட, என்மேல் வந்ததுதான் அதிகம்.

சாயங்காலம் அக்கா வந்தபோது அண்ணன் இரண்டு நாளுக்கு வழக்கமான கூலி ஆயிரத்து நூறை எடுத்து நீட்டினான். “ஆயிரத்து எண்ணூறு” என்றேன் நான். அவன் முறைத்தான். நானும் முறைத்தேன். மீதி எழுநூறையும் வைத்தான்.

அக்கா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, “நான் சொன்னதெல்லாம் எழுதுனியா பாப்பா? அவரு படிச்சாரா?” என்று கேட்டாள்.

“எழுதுனேன்க்கா. படிச்சாரு.”

“எனக்கும் ஒரு தடவ படிச்சுக் காட்டேன்.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. சார் திருப்பிக் கொடுத்த தாள் என் பையில் மடங்கிக் கிடந்தது. எடுத்துப் படித்தேன். அதற்குத்தான் சார் பணம் கொடுத்தார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“பெருச்சாளி ஒண்ணு இல்ல பாப்பா, ரெண்டு. சரியா எழுது. அப்பறம் அவுங்க நம்மள நம்ப மாட்டாங்க.”

பேனாவை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தாளில் ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று திருத்தினேன்.