தண்ணீர்க் கட்டையும் ஒரே பெஞ்சில் இருவரும்

"ஆகஸ்ட் 6, செவ்வாய். எட்டாம் வகுப்பு, மூன்றாம் பாடவேளை. 11.05க்குக் கட்டை போனது. 11.20க்கு மறுபடியும். வெயில் அதிகம்."

என் வகுப்புக் குறிப்பேட்டில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். மேலப்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வகுப்புக் கதவிலும் ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். தண்ணீர் குடிக்கப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டும்வரை இன்னொருத்தி எழுந்திருக்கக் கூடாது. எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பேருந்து பாலத்தைக் கடந்த நேரம், ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எல்லாம் இருக்கும். அந்த வரிசையில் கட்டை போன நேரமும் சேர்ந்தது.

கட்டையை அதிகம் எடுத்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் வாயே திறக்க மாட்டாள். பக்கத்தில் இருந்தவள் திறந்த வாயை மூட மாட்டாள். "டீச்சர், தொண்டை பாலைவனமாக் கெடக்கு" என்பாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டுவேன்.

என் கவலை ஜன்னலோரப் பெண்ணைப் பற்றியதுதான். அப்போது சமன்பாடுகள் நடத்திக்கொண்டிருந்தேன்: ஒரு எண்ணோடு ஏழைக் கூட்டினால் பன்னிரண்டு, அந்த எண் என்ன என்ற மாதிரி. பலகையில் பத்துக் கணக்கு எழுதிப் போட்டால் அவள் மூன்றோ நான்கோ செய்வாள். பிறகு கட்டை. திரும்பி வந்து நோட்டின் ஓரத்தில் கட்டம் கட்டமாக எதையோ கிறுக்குவாள்.

உளவியல் புத்தகங்கள் வாங்கிப் படிப்பவள் நான். ஒரு படத்தை என் குறிப்பேட்டில் வரைந்தும் வைத்திருந்தேன். வேலையின் கடினம் திறமையைத் தாண்டிப் போனால் பதற்றம்; திறமைக்குக் கீழே தங்கினால் சலிப்பு; இரண்டுக்கும் நடுவில் குறுகலாக ஒரு வழி. பிள்ளை அந்த வழியில் இருக்கும்போது செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். செய்தது சரியா தவறா என்பதும் உடனுக்குடன் தெரியும். தன்னை மறந்து வேலையில் மூழ்கிவிடுவாள். படம் சரிதான். அதில் யாரை எங்கே வைப்பது என்பதில்தான் நான் தவறினேன். எழுந்து ஓடுகிற பிள்ளை பயந்த பிள்ளை என்று முடிவு செய்தேன். அவளுக்கு மட்டும் தனியாக எளிய கணக்குகள் எழுதிக் கொடுத்தேன். கட்டை இன்னும் சீக்கிரம் போனது. அதைவிட எளிதாகக் கொடுத்தேன். 12ஆம் தேதி, பாடவேளை தொடங்கி ஆறாவது நிமிடத்திலேயே கட்டை போனதாகக் குறித்திருக்கிறேன்.

14ஆம் தேதி தேர்வு. பதினைந்து கணக்குகளில் முதல் நான்குக்கு விடை மட்டும் எழுதியிருந்தாள். நான்கும் சரி. மிச்சம் வெள்ளைத் தாள்.

சுதந்திர தின விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டார். பின்தங்கியவர்களுக்கு அடுத்த வாரக் கடைசியிலிருந்து தனிப் பிரிவு நடக்கப்போகிறது. "அடுத்த வெள்ளிக்குள்ள பட்டியல் வேணும் டீச்சர். இடம் இல்லை, ஆறாம் வகுப்பு அறையிலதான் உக்கார வைக்கணும். ஆறாம் வகுப்புக் கணக்கிலேர்ந்து ஆரம்பிச்சா அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லது."

நான்கே கணக்குப் போட்ட ஜன்னலோரப் பெண்ணின் பெயரும் அந்தப் பட்டியலில் வந்தாக வேண்டும். அவள் தங்கை அந்த ஆறாம் வகுப்பில்தான் படிக்கிறாள். அக்காவும் தங்கையும் ஒரே அறையில் ஒரே கணக்கைப் போட வேண்டும். அவளிடம் சொல்லிவிடலாம் என்று வகுப்புக்குப் போனேன். சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

"டீச்சர், நான் எந்தங்கச்சி பக்கத்துல உக்காரணுமா?" என்று கேட்டாள். அந்த ஆண்டில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் வாயாடி பின்னாலேயே ஓடி வந்தாள். "டீச்சர், அவள ஏன் அங்கன அனுப்புதீய? அவ தண்ணியே குடிக்க மாட்டா."

"பிறகு எதுக்குட்டி போறா?"

"குழாயடியில தொட்டியச் சுத்திக் கல்லு பதிக்காவள்ளா? அத நின்னு எண்ணுதா. கொத்தனார் அண்ணாச்சிகிட்ட, இன்னும் பன்னெண்டு கல்லு பத்தாதுன்னு சொல்லியிருக்கா. அவரு, போளா அங்கிட்டுன்னு வெரட்டிட்டாரு. சாயந்தரம் பாத்தா பன்னெண்டு கல்லு பத்தல!"

அன்று மாலை அவளுடைய நோட்டை வாங்கி ஓரங்களைப் பார்த்தேன். நான் கிறுக்கல் என்று நினைத்தவை எல்லாம் சதுரங்கள். உள்ளே ஒரு தொட்டி, சுற்றி ஒரு வரிசை கல். பக்கத்துக்கு ஒரு கல் அளவுள்ள தொட்டிக்கு எட்டுக் கல். இரண்டுக்குப் பன்னிரண்டு. மூன்றுக்குப் பதினாறு. கீழே கோணல் எழுத்தில், "பக்கம் x 4, மூலைக்கு 4". நான் இன்னும் நடத்தாத பாடத்தைத் தண்ணீர்க் குழாயடியில் அவளாகவே செய்துகொண்டிருந்தாள்.

குற்ற உணர்வில் அடுத்த தவறைச் செய்தேன். 19ஆம் தேதி திங்கட்கிழமை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் ஒரு போட்டித் தேர்வின் வினாத்தாளை அவளிடம் நீட்டி, "உன்னால முடியும்" என்றேன். பாடவேளை முழுவதும் அவள் எழுந்திருக்கவில்லை. "கட்டை எடுக்கவில்லை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷம். தாளைத் திரும்ப வாங்கியபோது அதன் ஓரம் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. ஒரு எழுத்தும் இல்லை. அதைக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை இறக்கினார்.

"வாங்க டீச்சர். நேத்து வந்ததுலேர்ந்து வகுறு வலிக்குன்னு சுருண்டு கெடக்கா. என்ன ஏதுன்னு சொல்ல மாட்டேங்கா."

"என் மேலதான் தப்பு. மொதல்ல ரொம்ப லேசான கணக்காக் கொடுத்தேன். நேத்து ரொம்பக் கஷ்டமாக் கொடுத்துட்டேன்."

அவர் சிரித்தார். "இதுவும் அப்படித்தான் டீச்சர். சுத்தப் படிச்ச புதுசுல கை நடுங்கும். இலை கிழியும், தூளு கொட்டும், அழுகையா வரும். இப்பம் கை தானா ஓடுது. மனசு இங்கன இருந்தாத்தான? அதான் நானும் பக்கத்து வீட்டு லாத்தாவும் போட்டி வச்சுக்கிடுவோம். கண்ண மூடிக்கிட்டுச் சுத்தணும், ஒண்ணுகூடத் தளரக் கூடாதுன்னு. அப்பம்தான் பொழுது போறது தெரியாது."

படித்த புத்தகங்களில் எதிலும் இவ்வளவு சுருக்கமாக நான் பார்த்ததில்லை. உள்ளறைக் கதவின் பின்னால் ஒரு நிழல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, "நாளைக்கு வா, தொட்டிக் கணக்குதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை இரண்டு தாள்கள் எழுதிக்கொண்டு போனேன். ஜன்னலோரப் பெண்ணுக்கு ஒரே கேள்வி: கையில் எழுபது கல் இருக்கிறது, சதுரத் தொட்டியைச் சுற்றி ஒரு வரிசை மிச்சமில்லாமல் பதிக்க முடியுமா? அவளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஒரே ஒரு படிதான் மேலே. நான் வந்து திருத்த வேண்டியதும் இல்லை. சின்ன எண்ணுக்கு வரைந்து எண்ணினால் அவளுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது தாள் வாயாடிக்கு. திங்கட்கிழமை இரவு கட்டை நேரங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவள் தொண்டை பாலைவனமானதெல்லாம் நான் யாரையாவது பலகைக்குக் கூப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால். பயந்த பிள்ளை அவள். இரண்டு பேரும் எடுத்தது ஒரே கட்டை, ஆனால் காரணம் வேறு வேறு. அவளுக்குப் பாதி போட்ட கணக்குகள் கொடுத்தேன். முதலாவதில் கடைசி வரி மட்டும் அவள் எழுத வேண்டும், அடுத்ததில் கடைசி இரண்டு வரி.

"என்ன டீச்சர், சமைச்சு வச்சுட்டு ஊட்டி விடச் சொல்லுதீய?" என்றாள். ஆனால் எழுதினாள். ஏழாவது கணக்குவரை பேச்சே இல்லை.

ஜன்னலோரப் பெண் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, "முடியாது. நாலால வகுபடணும்" என்றாள். நான் ஏதாவது சொல்வதற்குள் குனிந்துவிட்டாள். தானாகவே இரண்டு வரிசைக்குப் போயிருந்தாள். நடுவில் ஒருமுறை தப்பாகப் போட்டாள். வரைந்து எண்ணிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பக்கத்தை எட்டால் பெருக்கிப் பதினாறு கூட்டணும் என்று எழுதி முடித்தபோது வகுப்பில் யாரும் இல்லை. மணி அடித்து எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கட்டை ஆணியிலேயே தொங்கியது. இந்த முறை முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் குறித்தேன்.

தலைமையாசிரியையிடம் அந்தத் தாளையும் என் குறிப்பேட்டையும் கொண்டுபோனேன்.

"தொட்டியெல்லாம் சரி. பரீட்சைத் தாள் வெள்ளையா இருக்கே டீச்சர்? நான் அதைத்தான பாக்க முடியும்" என்றார். நியாயம்தான். கேட்டுப் பார்த்ததில் வியாழக்கிழமை மறுதேர்வுக்கு ஒப்புக்கொண்டார். அதே மாதிரி பதினைந்து கணக்கு. வழிமுறையும் எழுத வேண்டும்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கும் டீச்சர்" என்று முகத்தைச் சுளித்தாள் ஜன்னலோரப் பெண். மூன்றாவது கணக்கிலேயே அவள் மனசு ஜன்னலுக்கு வெளியே போய்விடுமே என்று எனக்குப் பயம்.

அப்படிப் போகவில்லை. பதினைந்தையும் போட்டிருந்தாள். எந்த இரண்டு அடுத்தடுத்த கணக்கையும் ஒரே வழியில் செய்யவில்லை. ஒன்று பக்கம் மாற்றி, ஒன்று தராசுபோல் வரைந்து, ஒன்று விடையிலிருந்து பின்னோக்கி. ஒரு கணக்கு தவறு. தலைமையாசிரியை தாளை இரண்டு முறை புரட்டினார். "இது என்ன, அவங்க உம்மா கண்ண மூடிக்கிட்டுச் சுத்துத மாதிரில்லா இருக்கு!" என்றார். அந்தக் கதையை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். பேனாவை எடுத்துப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

வாயாடியின் பெயரும் பட்டியலில் இல்லை. முதலிலிருந்தே இல்லை, முன் பெஞ்சுத் தாளைப் பார்த்தாவது தேறுகிற மதிப்பெண் எடுத்துவிடுவாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் சங்கடம். பாதிக் கணக்குத் தாள்கள் தொடர்கின்றன. இப்போது முதல் வரியை மட்டும்தான் நான் எழுதுகிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஆகஸ்ட் 6ஆம் தேதிக் குறிப்பில் கட்டை போன நேரம் இரண்டு இருக்கிறது, பெயர் இல்லை. அன்றைக்கு நான் பெயர் எழுதத் தொடங்கியிருக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை இரவு, முதலில் போனவள் சலித்தவள், அடுத்துப் போனவள் பயந்தவள் என்று வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். இருவரையும் கேட்டேன். "ரெண்டு தடவையும் அவதான் டீச்சர்" என்கிறாள் வாயாடி. மற்றவள் ஞாபகமில்லை என்கிறாள். 11.05க்குப் போனது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.