கண்ணாடி நோகாத நேரம்

காத்தான்குடியில் நான் வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. எனக்கு மிகப் பெரிய தலைவலி யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன், என் ராத்தா கைறுன்னிஸாதான். கூடப்பிறந்த மூத்தவர். கல்யாணச் சேலைகளுக்குக் கல்லு வேலை செய்கிறவர். கண்ணாடி இல்லாவிட்டால் ஊசியும் தெரியாது, கல்லும் தெரியாது. அந்தக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது.

"தம்பி, இது அமத்துது. காதுக்குப் பின்னால வெட்டுற மாதிரிக் கிடக்கு. என்னத்தச் செஞ்சு வெச்சிருக்கிறாய்?"

நான் காதுக் கம்பியைச் சூடாக்கி, மெல்ல விரித்துக் கொடுப்பேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லம்" என்பார். அடுத்த கிழமை, "டேய், குனிஞ்சா கழண்டு சேலைக்குள்ள விழுது" என்று வந்து நிற்பார். இறுக்கிக் கொடுப்பேன். மறுபடியும் அமத்தும். காதைப் பார்ப்பேன், மூக்கைப் பார்ப்பேன், ஒரு தடம்கூட இருக்காது. ஒரு பிரேம் தன்பாட்டில் சுருங்கி விரியுமா? இத்தனை வருடத் தொழிலில் நான் அப்படியொன்றைக் கண்டதில்லை. ராத்தா என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தார். நான் அவரை வீண்பிடிவாதக்காரி என்று நினைத்தேன். இரண்டு பேரும் வாய்விட்டே சொல்லியும் கொண்டோம்.

மருந்துக் கடைக்காரருடனும் அவருக்கு இதே சண்டை. ராத்தாவுக்கு ஒற்றைத் தலையிடி இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு டொக்டர் வழக்கமான பனடோல் மாத்திரையை விட்டு, அதற்கென்றே வேறொரு குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். "ஒரே பக்கெட்டுக் குளிசை. ஒரு நாள் போட்டா நோவு இருந்த இடமே தெரியாது. இன்னொரு நாள் போட்டா தண்ணி குடிச்ச மாதிரி. பாதி கள்ளக் குளிசை" என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். மருந்துக் கடைக்காரர் பாவம், பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

இதற்குள் நஸ்ஹாவின் நிக்காஹ் நாள் நெருங்கிவிட்டது. நஸ்ஹா ராத்தாவின் ஒரே மகள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கல்லு வைத்த கை, தன் மகளின் சேலைக்கு வைக்காமல் விடுமா? ஆனால் சேலை நகரவில்லை. கண்ணாடி நோகிற நாளில் ஊசியைத் தொட முடியாது. அதற்கடுத்த நாள் களைப்பு. முந்தானையில் பாதிகூட முடியவில்லை. "வேற ஆளுக்கிட்டக் குடுப்பம் உம்மா" என்று நஸ்ஹா சொன்னபோது ராத்தா எழுந்து போய்விட்டாராம். தன் கண்தான் போகிறதோ என்ற பயமும் அவருக்குள் இருந்திருக்கிறது. அதை அப்போது அவர் யாரிடமும் சொல்லவில்லை.

என் ரோசம் எனக்கு. கடையிலேயே பாரம் குறைந்த பிரேமில் அவருடைய அளவுக்குக் கண்ணாடி வில்லை போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இதுவும் அமத்துகிறது என்று சொல்லட்டும் பார்ப்போம்!

அறை இருட்டாக இருந்தது. ராத்தா சுவரில் முதுகு சாய்த்து, தலை எதிலும் படாமல் உட்கார்ந்திருந்தார். தலையணையில் தலை வைக்க முடியவில்லையாம். முடி அவிழ்ந்து கிடந்தது. நஸ்ஹா சீப்பும் கையுமாக ஒரு மூலையில் அழுதுகொண்டு நின்றாள்.

"நான் சும்மா சீப்பை வெச்சன் மாமா. கையத் தட்டிவிட்டுட்டா. நான் என்ன செஞ்ச?"

பழைய கண்ணாடி மேசையில் இருந்தது. நான் புதியதைப் போட்டுவிடும் முன், கம்பி எங்கே உட்காரும் என்று பார்க்க, காதுக்கு மேலே விரலால் தொட்டேன். தொட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ராத்தா "அல்லாஹ்!" என்று கத்தியதில் என் கையிலிருந்த பிரேம் கீழே விழுந்தது.

கண்ணாடியே முகத்தில் இல்லை. பிறகு எது அமத்துகிறது? நான் இத்தனை நாளாக எதை வளைத்தேன், எதை நிமிர்த்தினேன்? கோபமெல்லாம் போய்ப் பயம் பிடித்தது. மூளையில் ஏதாவது இருக்குமோ என்று நினைத்தேன்.

அடுத்த கிளினிக் நாளன்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாலத்தில் வாவிக்காற்று முக்காட்டை இழுத்தபோது, ராத்தா அதைச் சாதாரணமாக இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றைக்கு ஒன்றும் நோகவில்லை! நோயாளி நான்தான் என்று டொக்டர் நினைத்தாலும் ஆச்சரியமில்லை.

டொக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார். கண்ணையும் கை கால்களையும் சோதித்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு, "குளிசைய எப்ப போடுவீங்க?" என்றார்.

"கண்ணாடியக் கழட்டினதுக்குப் பிறகுதான்" என்றார் ராத்தா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதைப் போல. "முதல்ல வாறது சின்னக் குத்து. அதுக்கெல்லாம் குளிசை போட்டா உடம்பு என்னத்துக்காகும்? கண்ணாடி போடேலாமப் போனாத்தான் அது மெய்யான தலையிடி. அது வரைக்கும் தைப்பன்."

"அப்ப குளிசை நல்லாக் கேட்டு நோவு நிண்ட நாள்?"

ராத்தா யோசித்தார். "கல்யாண வீடு ஒண்டுக்குப் போற அண்டைக்கு. அங்க வெச்சுக் கூடிப்போகுமெண்டு சின்னக் குத்திலயே போட்டுட்டுப் போன." சொல்லி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "முதல்ல தலைக்குள்ள இருக்கிற நரம்புதான் நோவைக் கிளப்புது. அப்பவே போட்டா இந்தக் குளிசை அதை அடக்கும். விட்டீங்களெண்டா, கொஞ்ச நேரத்தில நோவை வாங்குற மூளைப் பகுதியே உசாராகிப் போயிரும். அதுக்கு மறுகா சும்மா தொட்டாலும் நோவுதான். சீப்பு, கண்ணாடி, தலையணை எல்லாம் நோகும். தோலிலயும் குறையில்ல, தம்பிட பிரேமிலயும் குறையில்ல. அந்தக் கட்டத்துக்கு வந்தா இந்தக் குளிசை அநேகமாச் சரியாக் கேக்காது. கண்ணாடி நோகிறதுக்கு முதலே போடுங்க. ஆனா எல்லாக் குத்துக்கும் போடாதீங்க. உங்கட அந்தத் தலையிடி தொடங்குறது உங்களுக்குத் தெரியும்தானே? கிழமையில ரெண்டு நாளுக்கு மேல தேவைப்பட்டா என்னட்ட வாங்க."

திரும்பும் வழியில் ராத்தா குளிசைப் பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கும் பாதிதான் விளங்கியிருந்தது. தலைக்குள் இருக்கும் நோவு எப்படி முடிக்கு வரும்? நோகாதபோது மருந்து, நோகும்போது மருந்தில்லை என்றால் அது என்ன கணக்கு? இடையில் ஒரு விடியலில் ராத்தாவுக்குத் தூக்கத்திலிருந்து எழும்போதே முடி நொந்ததாம். அன்று குளிசை போட்டும் கேட்கவில்லை. "உண்ட டொக்டர் சொன்னதும் பொய்தான்" என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

நிக்காஹுக்கு முந்தின கிழமை போனேன். ராத்தா முந்தானையை மடியில் விரித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாங்காய்ப் பூதான் பாக்கி. திடீரென்று கொட்டாவி விட்டார். வெளியே போன ஓட்டோச் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தார். இடது புருவத்தை ஒரு விரலால் அழுத்தினார். கை ஊசிக்குப் போய், நின்றது. இந்தப் பூவை முடித்துவிட்டால் சேலை முடிந்தது. அந்தக் கைக்கு அது எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மகள், தண்ணி கொண்டா. குளிசையும் எடு."

நஸ்ஹா ஓடி வந்தாள். "கண்ணாடி நோவுதா உம்மா?"

"இல்ல புள்ள. அதுதான் இப்ப போடுறன்."

குளிசையை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தார். நானும் நஸ்ஹாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். சட்டைப் பையில் கண்ணாடித் திருகு இறுக்கும் சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன், பழக்க தோசம். வெயில் சாயத் தொடங்கியபோது ராத்தா கண்ணைத் திறந்தார். கண்ணாடி அதே இடத்தில், மூக்கின் மேல் இருந்தது. அதைத் தானே கழற்றி என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் லூசாக் கிடக்கு. இறுக்கித் தா, பூவை முடிக்கோணும்."

பிறகு முக்காட்டை விலக்கிவிட்டு, மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அதுக்குள்ள சீப்பை எடுத்துக்கொண்டு வா."

நஸ்ஹா முடியில் மெல்லச் சீப்பை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னகா புள்ள நிக்கிறாய்? இழு."

இழுத்தாள். ராத்தா கத்தவில்லை. நான் திருப்புளியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டதால், எந்தத் திருகை இறுக்குகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.