கால் மாத்திரையும் கீழிறங்கும் ஜீப்பும்

ஸ்ரீரங்கத்தில் குழந்தை மருத்துவம் பார்க்கிற எனக்கு மலை என்றால் கொடைக்கானல்தான். அங்கே போய் வரும் பிள்ளைகளுக்கு வளைவுகளில் வாந்தி வரும், சளி பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் உத்தர வீதியிலிருந்து அந்தத் தம்பதி தங்கள் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "முக்திநாத் போறோம் டாக்டர், உயரத்துக்கு ஏதோ மாத்திரை உண்டாமே" என்று கேட்டபோது, உடனே எழுதிக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் வரச் சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நேபாளத்தில் இருக்கிற அந்தக் கோவிலை அவர்கள் சாளக்கிராமம் என்பார்கள். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. அப்பா துவாக்குடி காலேஜ் அலுவலகத்தில் வேலை. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. பல வருஷமாகப் போக நினைத்து, இப்போதுதான் ஒரு யாத்திரைக் குழுவில் இடம் கிடைத்திருந்தது. கோவில் கிட்டத்தட்ட மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

மறுநாள் வந்ததும் முதலில் குழந்தையை எடை மெஷினில் நிறுத்தினேன். இருபத்தைந்து கிலோ. அந்த மாத்திரையின் பெயர் அசிட்டசோலமைடு. வராமல் தடுப்பதற்குக் கிலோவுக்கு இரண்டரை மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேளை. இந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு அறுபத்திரண்டரை. கடையில் கிடைப்பது இருநூற்றைம்பது மில்லிகிராம் மாத்திரை. அதில் சரியாகக் கால் பங்கு. கணக்கு இவ்வளவு சுலபமாக அமைவது அபூர்வம். எடை கொஞ்சம் மாறியிருந்தால் மருந்துக் கடையில் பொடி மடித்து வாங்கச் சொல்லியிருப்பேன்.

"எனக்கு அரை மாத்திரைன்னு குழுவுல சொன்னா. இவளுக்கும் அரையே கொடுத்துடலாமோ?" என்று அப்பா கேட்டார்.

"வேண்டாங்க. இதுக்கு வயசுக் கணக்கு இல்ல, எடைக் கணக்கு. கூடக் கொடுத்தா கூடக் காப்பாத்தும்னு எதுவும் இல்ல."

இதே வகையைச் சேர்ந்த சல்பா மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். ஊரிலேயே ஒரு வேளை கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கை குறுகுறுக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். ஏறுவதற்கு முந்தின நாள் ஆரம்பிக்க வேண்டும்.

அம்மாதான் அது என்ன செய்யும் என்று கேட்டார். சிறுநீர் வழியாக உடம்பிலிருந்து காரத்தை வெளியேற்றி, ரத்தத்தைக் கொஞ்சம் அமிலப் பக்கம் தள்ளும். அதை உணர்ந்து உடம்பு வேகமாக மூச்சு வாங்கும். உயரத்துக்குப் பழக இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வதைக் கொஞ்சம் சீக்கிரம் செய்யும் என்றேன். "ஆனா இது கவசம் இல்லம்மா. கோவிலுக்குக் கீழ இருக்கற ஜோம்சோம்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டு அப்புறம் ஏறுங்க. மேல போய்த் தலை வலிச்சு வாந்தி வந்தா, மேற்கொண்டு ஏறாதீங்க. குறையலைன்னா கீழ இறங்கிடுங்க. மருந்து அதுக்கப்புறம்தான்."

சரி என்று போனார்கள். போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததுதான் வேறு. மேகமூட்டத்தால் ஜோம்சோம் விமானம் அடுத்தடுத்து ரத்தாகிவிட்டது. குழு நடத்துகிறவர் இழந்த நாட்களை ஈடுகட்ட, எல்லாரையும் ஜீப்பில் ஏற்றி, போக்ராவிலிருந்து ஒரே நாளில் கோவிலுக்குச் சற்றுக் கீழே இருக்கிற ஊர் வரைக்கும் கொண்டு போய்விட்டார். ஆயிரம் மீட்டர்கூட இல்லாத ஊரிலிருந்து மூவாயிரத்து எழுநூறுக்கு.

மறுநாள் காலை என் கிளினிக்கில் நல்ல கூட்டம். ஒரு குழந்தைக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அம்மாவின் அழைப்பு வந்தது.

"டாக்டர், தலை வலிக்கறதுன்னு ராத்திரி பூரா அழுதா. கார்த்தாலேர்ந்து மூணு வாட்டி வாந்தி. எழுப்பினா எழுந்துக்கறா, உடனே கண்ணை மூடிக்கறா. மாத்திரை தவறாம கொடுத்திண்டுதான் இருக்கேன். இன்னொரு கால் கொடுக்கட்டுமா?"

வீடியோவில் காட்டச் சொன்னேன். கம்பளிக்குள் குழந்தையின் முகம் வெளுத்திருந்தது. தரையில் ஒரு கோட்டின் மேல், ஒரு காலின் கட்டைவிரலுக்கு முன்னால் மறுகாலின் குதிகாலை வைத்து நேராக நடக்கச் சொன்னேன். அவள் கொஞ்ச தூரம் வந்து, பக்கத்தில் கட்டில் இருந்ததால் விழாமல் அதைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி முயன்றபோதும் அதே பக்கமாகத் தள்ளாடினாள்.

வெறும் அசதியாகவும் இருக்கலாம். ஆனால் மலையில் தள்ளாட்டம் என்றால் மூளையில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கலாம். அதை அசதி என்று வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

"இப்பவே கீழ இறங்குங்க. ஜோம்சோமுக்கு. அங்க ஆஸ்பத்திரி இருக்கு. குழந்தை நடக்க வேண்டாம், தூக்கிக்கோங்க."

அப்பா போனை வாங்கினார். "டாக்டர், கோவில் கோபுரம் இங்கேர்ந்து தெரியறது. இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒரு மணி நேரத்துல சேவிச்சுட்டு இறங்கிடறோமே. அதுவரைக்கும் தாங்கறதுக்கு ஏதாவது மருந்து சொல்லுங்கோளேன்."

அவர் குரலில் பிடிவாதம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"சார், இந்த மாத்திரை வேலை செய்யவே பல மணி நேரம் ஆகும். உங்க குழந்தைக்கு இப்ப வேண்டியது காத்து. அது கீழ இருக்கு. அங்க ஹெல்த் போஸ்ட்ல ஆக்சிஜனும், மூளை வீக்கத்தைக் குறைக்கற டெக்ஸாமெதசோனும் இருந்தா, ஜீப் வர்றதுக்குள்ள கொடுக்கச் சொல்லுங்க. ஆனா அதுக்காக ஜீப்பை நிறுத்தி வைக்காதீங்க."

பின்னாலிருந்து யாரோ, "எல்லாருக்கும்தான் தலை வலிக்கறது, சரியாயிடும்" என்றார்கள். பிறகு அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "நான் குழந்தையைத் தூக்கிண்டு கிளம்பறேன். நீங்க சேவிச்சுட்டு வாங்கோ." அழைப்பு அறுந்துவிட்டது.

நான் நெபுலைசர் குழந்தையிடம் திரும்பினேன். அடுத்து ஒரு தடுப்பூசி, அடுத்து ஒரு காய்ச்சல். ஒவ்வொரு குழந்தையும் வெளியே போனதும் போனைப் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்மா அழைத்தார். ஹெல்த் போஸ்ட் பூட்டியிருந்ததாம். தங்கியிருந்த விடுதிக்காரரே ஜீப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பாதி வழியில் குழந்தை தானாகக் கண் திறந்து, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொன்னாளாம். ஜோம்சோம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசியும் போட்டிருந்தார்கள்.

"இப்ப பிஸ்கட் கேக்கறா. நடக்கச் சொல்லிப் பார்த்தா அந்த டாக்டர். கோணல் இல்லாம நடந்தா."

"சார் எப்ப வந்து சேர்ந்தாரு?"

"அவர் எங்ககூடத்தான் ஏறினார். ஜீப் கதவைச் சாத்தப் போனேன், வந்து உக்காந்துட்டார்."

மறுபடி மேலே ஏற வேண்டாம், நாளைக்கு இன்னும் கீழே போய்விடுங்கள் என்றேன். அப்படியே செய்தார்கள்.

ஊர் திரும்பி வந்து பார்த்தார்கள். குழந்தை நன்றாக இருந்தாள். அவளுக்கு அந்தக் காலை நேரம் துளியும் ஞாபகம் இல்லை. ஜோம்சோமில் சாப்பிட்ட ஆப்பிளைப் பற்றித்தான் பேசினாள். அப்பாவின் முகத்தில் சேவிக்காமல் வந்த வருத்தம் அப்படியே இருந்தது. அவர் மறைக்கவும் இல்லை. "அடுத்த வருஷம் தனியா போறோம், குழுவோட இல்ல. ஒவ்வொரு இடமா தங்கித் தங்கி" என்றார்.

அந்தச் செய்தி வீதியில் பரவியதில், வடக்கே யாத்திரை போகிற குடும்பங்கள் என்னிடம் வர ஆரம்பித்தன. எல்லாரும் கேட்பது மாத்திரையைத்தான். எடை பார்த்து எழுதித் தருகிறேன். அதற்கு அதிக நேரம் ஆவதில்லை. எங்கே தங்குவீர்கள், உடம்புக்கு முடியாவிட்டால் எந்த வண்டியில் இறங்குவீர்கள், யார் கூட இறங்குவார்கள் என்று கேட்கும்போதுதான் அவர்கள் நெளிகிறார்கள். போன வாரம் ஒருவர், "அபசகுனமா பேசறீங்களே" என்று எழுந்தே போய்விட்டார். அவர் மனைவி மட்டும் திரும்பி வந்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்.