கீழ்க்கோட்டுக்கும் கீழே மூன்று

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வில்லியனூரிலிருந்து தினமும் நடந்து போய் ஒரு துணி ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். நெய்து வந்த துணியில் குறை பார்க்கும் மேசை எங்களுடையது. எங்களுடையது என்றால் என்னுடையதும் என் கூட்டாளியுடையதும். அவரும் எங்கள் ஊர்தான், மாதா கோயில் தெரு. நான் சிவன் கோயில் பக்கம். ஆனாலும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

மேசை என்று சொன்னாலும் அது சாய்வாக நிறுத்திய ஒரு பெட்டி. மேல்பக்கம் பெரிய கண்ணாடி. பெட்டிக்குள்ளே இரண்டு விளக்கு. துணியைக் கண்ணாடிமேல் இழுத்தால் அடியிலிருந்து வெளிச்சம் வரும். இழை விட்ட இடம், குறுக்கே ஓடும் ஊடை அறுந்த இடம் எல்லாம் பளிச்சென்று தெரியும். கூட்டாளி துணியை இழுத்துப் பார்த்துக் குறையைச் சொல்வார். நான் நோட்டில் கோடு போடுவேன். ஒரு நாளைக்கு ஐம்பது பீஸ், கூடவும் கூடாது குறையவும் கூடாது.

அந்த வருஷம் புதிதாக ஓர் இஞ்சினியர் வந்தார். புதுச்சேரி டவுன் பிள்ளை, தமிழர்தான். சீமையில் படித்தவர் என்பதால் எல்லோரும் வெள்ளைக்காரரைக் கூப்பிடுவதுபோல முசே என்று கூப்பிட்டோம். அவர் முதல் வேலையாக என் நோட்டை வாங்கி, இருபத்தைந்து நாள் கணக்கைக் கூட்டினார். நானூறு குறை வந்தது. நாளைக்குப் பதினாறு. கட்டம் போட்ட காகிதத்தில் பதினாறில் கறுப்புக் கோடு இழுத்தார். பிறகு பதினாறுக்கு வர்க்கமூலம் நாலு, நாலை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு என்று சொல்லி, மேலே இருபத்தெட்டில் ஒரு சிவப்புக் கோடும் கீழே நாலில் ஒரு சிவப்புக் கோடும் போட்டார். தினமும் மாலை ஐம்பது பீஸில் எத்தனை குறையோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதுதான் என் வேலை.

நான் படித்தது நாலாவது வகுப்பு. மேல்கோடு எனக்குப் புரிந்தது. குறை ரொம்ப ஏறினால் தப்பு. கீழ்க்கோடு எதற்கு? குறை இறங்கினால் நல்லதுதானே? கேட்டேன்.

"நல்லதுன்னு யாரு சொன்னா? மில்லு இப்ப கீற நெலமையில நாலுக்குக் கீழ எறங்காது. எறங்கிச்சின்னா ஏதோ மாறிப்போச்சுன்னு அர்த்தம். இன்னா மாறிச்சுன்னு நாமதான் தேடணும்" என்றார்.

தலையாட்டினேன். புரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. ஒரு நாள் இருபத்திரண்டு வந்தது. தறி மேஸ்திரி நெசவுக்காரர்களை நிற்க வைத்துத் திட்டினார். மறுநாள் பன்னிரண்டு. "பாத்தியா, நாலு வார்த்த கேட்டாத்தான் கை ஓடுது" என்று மேஸ்திரி மீசையைத் தடவினார். இஞ்சினியர் சிரித்துவிட்டு, "ரெண்டு புள்ளியும் கோட்டுக்குள்ளதான கீது? நீங்க திட்டலன்னாலும் எறங்கியிருக்கும். உள்ளுக்குள்ள ஏறி எறங்குறத தொரத்தாதீங்க மேஸ்திரி, மூச்சு வாங்கும்" என்றார். மேஸ்திரிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு ஒரு நாள் முப்பத்தொன்று வந்தது. அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. இஞ்சினியர் நேரே, நீளவாக்கில் ஓடும் பாவு இழைக்குக் கஞ்சி போடும் இடத்துக்குப் போய்ப் பார்த்தார். புதிதாக வந்த மாவு. கஞ்சி தண்ணீராக இருந்தது. அதனால் பாவு இழை பொட்டுப்பொட்டென்று அறுந்திருக்கிறது. மாவை மாற்றியதும் புள்ளி பழையபடி உள்ளே வந்தது. அன்று முதல் மேல்கோட்டின்மேல் எனக்கு ஒரு மரியாதை. கீழ்க்கோடு மட்டும் மனசில் ஒட்டவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஆலையில் தறிக்குத் தறி சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய். எங்கள் மேசைக்கும் நான்தான் பூஜை செய்தேன். கூட்டாளி ஓரமாக நின்று பொரி தின்றார். அதற்கு அடுத்த நாளிலிருந்து புள்ளி இறங்கியது. ஒன்பது. பதினொன்று. ஏழு. எட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்பாள் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். பிறகு பன்னிரண்டு, ஆறு, பத்து. எட்டாம் நாள் வெறும் மூன்று.

இஞ்சினியர் அப்போது ஏதோ சாமான் வாங்க மதராஸுக்குப் போயிருந்தார். அந்த எட்டு நாளும் மேஸ்திரிதான் ராஜா. காகிதத்தை ஆலையின் வெள்ளைக்காரத் துரையிடம் கொண்டுபோய்க் காட்டிப் பெருமை பேசினார். ஒன்பதாம் நாள் காலையில் இஞ்சினியர் வந்தார். நான் சிரித்த முகத்தோடு காகிதத்தை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"மூணா?"

"ஆமா முசே. அம்பாள் கிருபை."

"மூணு மட்டும் இல்ல. எட்டு நாளா ஒரு புள்ளி கூட நடுக்கோட்டுக்கு மேல வரல பாருங்க. சும்மா ஆடுற ஆட்டம்னா பாதி மேல, பாதி கீழ வரும். இது மொத்தமா எறங்கிப்போச்சு. மேஸ்திரி, தறியில எதுனா மாத்துனீங்களா?"

மேஸ்திரி இல்லை என்றார். நூல் அதே நூல். மாவு அதே மாவு. ஆளும் அதே ஆள். அப்புறம் மேஸ்திரியின் கண் என் கூட்டாளிமேல் போயிற்று.

"தறி மாறல முசே. பாக்கறவன் மாறிட்டானோ இன்னாவோ. இவன் பொண்டாட்டியோட அண்ணன் தம்பிங்க மூணு பேரு தறியிலதான கீறானுங்க. கத்திரிக்கா, கொள்ளு, எல்லாம் இவன் வூட்டுக்குப் போவுது. கண்ண மூடிக்கினு வுட்டுட்டான்."

கூட்டாளி இழுத்து வைத்த துணியை மடிக்கத் தொடங்கினார். கத்திரிக்காய் வந்தது உண்மைதான். எனக்கே அதில் பங்கு கொடுத்திருக்கிறார்.

துரைக்குச் செய்தி போயிற்று. நேற்றுப் பெருமைப்பட்ட மனுஷன் இன்று கோபப்பட்டார். சனிக்கிழமைக்குள் காரணம் தெரியவில்லை என்றால் கூட்டாளியைச் சீட்டு கிழித்து அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு. அன்று வியாழக்கிழமை. அதுவரை மேசையில் புதுத் துணி இழுக்கவும் கூடாது.

குறை ஏறினால் திட்டு, இறங்கினால் வேலை போகும். இது என்ன நியாயம்? கூட்டாளி கண்ணை மூடிக்கொள்கிறவர் இல்லை; பக்கத்திலேயே நின்று கோடு போட்டவன் நான். அவர் சொன்ன ஒரு குறையையும் நான் விட்டதில்லை. அம்பாள் கிருபை என்றால் இவருக்கு ஏன் இந்தத் தண்டனை? வேறு ஏதோ என்றால் அது என்ன? வழியெல்லாம் அதே யோசனை. ஊர் எல்லையில் பிரிகிற இடத்தில் கூட்டாளி சொன்னார்.

"மச்சான், ஒன் சாமி எறக்குனத ஒன் சாமியே ஏத்தி வுடச் சொல்லேன்."

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் விடியற்காலை கோயிலில் நின்று, தாயே, எப்படியாவது குறை அதிகமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்த பிறகுதான் என்ன வேண்டினேன் என்று உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று இஞ்சினியர் மேசைக்கே வந்து, காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு, முதலில் இறங்கிய புள்ளியில் விரலை வைத்தார்.

"இதுக்கு முந்தின நாள் இன்னா நடந்துச்சி?"

"அன்னிக்கு லீவு முசே. ஆயுத பூஜை."

"தறிக்குப் பூஜ வருஷா வருஷம் நடக்குது. இந்த மேசைக்கு இன்னா செஞ்சீங்க?"

"மேசையக் கழுவினேன். மாலை போட்டேன். சந்தனத்துல மூணு பட்டை போட்டுக் குங்குமம் வச்சேன்."

"எங்க போட்டீங்க? காணோமே."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "போன வருஷம் மேல மரத்துல ஒரு பொட்டு வச்சேன். இந்த வருஷம் மேசை முழுக்க நல்லா செய்யணும்னு நெனச்சேன். கண்ணாடி மேல போட்டா துணியில கறை ஆவும்ல? அதனால பொட்டியத் தொறந்து கண்ணாடிக்கு அடியில போட்டேன்."

சொல்லிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றுவிட்டேன்.

இஞ்சினியர் குனிந்து பெட்டிக் கதவைத் திறந்தார். கண்ணாடியின் அடிப்பக்கம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூன்று பட்டை, ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம். விளக்குச் சூட்டில் காய்ந்து மண் பூசினாற்போல் இருந்தது. சாம்பிராணிப் புகை வேறு படிந்திருந்தது. ஓட்டையும் எண்ணெய்க் கறையும் எந்த வெளிச்சத்திலும் தெரியும். ஒற்றை இழை விட்டது அந்தப் பட்டைமேல் எப்படித் தெரியும்?

"மொதல் நாளு வெளக்கு மஞ்சளா கீதேன்னு நெனச்சேன்" என்று கூட்டாளி மெதுவாகச் சொன்னார். "அப்பறம் கண்ணு பழகிப்போச்சு."

மேஸ்திரி ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு வந்தார். சாமிக்கு வைத்ததைக் கந்தலால் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. கையை நனைத்து நானே கரைத்து எடுத்தேன். எடுத்ததைக் கீழே போடவும் முடியவில்லை. நெற்றியிலும் கையிலும் பூசிக்கொண்டேன். கூட்டாளி என்னைப் பார்த்து, "கல்யாண மாப்ள மாதிரி கீற மச்சான்" என்றார். இரண்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சிரிப்பு அது.

மூன்று குறை என்று நாங்கள் எழுதிய ஐம்பது பீஸும் கட்டுக்குப் போகாமல் கிடந்தன. அவற்றைத் திரும்ப இழுத்துப் பார்க்கச் சொன்னார் இஞ்சினியர். கூட்டாளி ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் கோடு போட்டேன். நாலாவது கோடு விழுந்தபோது மனசுக்குள் சந்தோஷம். ஏழு, எட்டு. பத்துக்கு மேலே போனபோது துரையே வந்து நின்றுவிட்டார். கடைசியில் பதினைந்து. மறுநாள் புதுத் துணியில் பதினேழு.

"தறி மாறல. ஆளும் மாறல. பாக்குற வெளிச்சம்தான் மாறிச்சு" என்று இஞ்சினியர் துரைக்கு அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டு எங்களுக்கும் சொன்னார். எட்டுப் புள்ளியையும் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் காரணம் எழுதினார். கூட்டாளியின் சீட்டைக் கிழிக்கவில்லை. என்னையும் ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் பெட்டிக்குள் எது வைத்தாலும் தன்னிடம் சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். மேஸ்திரி கூட்டாளியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பீடியை நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டார்.

முதல் ஏழு நாள் துணி மட்டும் திரும்பவில்லை. நல்ல துணி என்று முத்திரை வைத்து எப்போதோ கட்டி அனுப்பியாயிற்று. எந்த ஊரில் எவர் அதை உடுத்திக்கொண்டு, இழை விட்ட இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, பார்த்தவன் கண்ணைத் திட்டினாரோ தெரியாது. அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். குறை இறங்கட்டும் என்று கேட்கலாமா, ஏறட்டும் என்று கேட்கலாமா, பதினாறிலேயே கிடக்கட்டும் என்று கேட்டால் அதுவும் ஒரு வேண்டுதலா என்று ஒன்றும் பிடிபடவில்லை. கற்பூரம் அணைகிறவரைக்கும் எதையும் கேட்காமல் நின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.