நல்ல நேரத்தில் நின்றுபோன வெளியீடு

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது தீனதயாளனின் மென்பொருள் நிறுவனம். கல்வராயன் மலை விவசாயிகளுக்கு மரவள்ளிக் கிழங்கு விலையைச் சொல்லும் செயலிதான் அவருடைய பெருமை. தினமும் மதியம் இரண்டு மணிக்கு விலை வரும். அந்த நிமிடம் மலையே செயலியைத் திறக்கும்.

புதுப் பதிப்பு வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில்தான் வெளியாகும். சர்வர் மும்பையில் இருந்தாலும் எலுமிச்சம்பழம் இங்கே மேசைமேல் இருக்கும். அதற்கு முன் சோதனை: ஊழியர்கள் எல்லோரும் கைபேசியுடன் நிற்க, தீனதயாளன் "ஒன்னு, ரெண்டு, மூணு" என்பார். எல்லோரும் ஒன்றாக அழுத்துவார்கள். செயலி திறந்துவிட்டால் கைதட்டல். சோதனைத் தரவிலோ மொத்தம் மூன்று ஊர்கள். அதில் ஒன்று அவர் மாமனார் ஊரான நைனார்பாளையம்.

பொங்கலுக்கு வந்த பதிப்பு விலை நேரத்தில் படுத்துவிட்டது; பழைய பதிப்பையே திரும்பப் போட வேண்டியதாயிற்று. ஏச்சு வாங்கியவள் சோதனைப் பிரிவில் தனியாளாக இருக்கும் ஜன்னதுல் பிர்தௌஸ். "இன்னொரு தடவ இப்டி ஆனா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று முதலாளி எல்லோர் முன்பும் சொன்னார்.

அவள் அழவில்லை. உண்மையான ஊர்கள் அத்தனையையும் சோதனை சர்வரில் ஏற்றினாள். இரண்டு மணிக் கூட்டத்தைப் போலவே கோரிக்கைகளை அனுப்பும் சிறு நிரலை எழுதி, வெளியீட்டுப் படிகளில் சேர்த்தாள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒரு விநாடிக்குள் பதில் போகாவிட்டால் வெளியீடு தானாக நின்றுவிடும்.

அடுத்த வெள்ளியே நின்றது.

"இன்னாம்மா, நல்ல நேரம் போய்க்கினு கீது."

"பதிலுக்கு ஆறு விநாடி ஆவுது சார். இப்ப ஓடுற பழைய பதிப்புல அர விநாடிதான்."

"மலையில டவர் கம்மி. அவங்களுக்கு ஆறு இன்னா ஜாஸ்தியா?"

"டவரு இதுல வரவே இல்ல சார். நம்ம சர்வருக்கே ஆறு."

"அப்ப அந்த ஒன்ன ஒம்போதுன்னு மாத்திடு."

"நீங்களே மாத்துங்க சார். யாரு மாத்துனதுன்னு பேரோட பதிவாயிடும்."

விசைப்பலகை வரை போன தீனதயாளனின் விரல், வழியில் எலுமிச்சம்பழத்தை நேராக்கிவிட்டுத் திரும்பியது.

செயலியின் நிரலை எழுதும் இளஞ்செழியன் குற்றவாளியைக் கண்டுபிடித்தான், அவனேதான். புதுப் பதிப்பில் நேற்றைய விலையையும் காட்ட, ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்தைக் கேட்டிருந்தான். "மூணு ஊருக்கு நல்லாத்தான் ஓடிச்சுக்கா" என்றான். எல்லா ஊர்களையும் ஒரே கேள்வியில் கேட்கும்படி மாற்றினான். சோதனை தேறியது.

அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. வெளியீட்டைப் பார்த்தால் தோஷம் என்று முதலாளி டீ குடிக்க இறங்கிப் போனார். பிர்தௌஸ் பொத்தானை அழுத்தினாள். இரண்டு மணிக்கு மலை முழுவதும் விலை பார்த்தது. யாரும் திட்டிப் போன் செய்யவில்லை.

மறுவாரம் சங்கராபுரம் வியாபாரிகளிடம் தீனதயாளன் சொன்னார்: "நான் ஒரு சோதன வெச்சிருக்கேங்க. அதுல தேறாம எதையும் வெளிய வுட மாட்டேன்."

அந்தச் சோதனையில் ஒரு விநாடி ஒரு விநாடியாகவே இருந்தது. பிர்தௌஸின் நாற்காலியிலும் வேறு ஆள் உட்காரவில்லை.